எண்பத்திரெண்டு புள்ளி ஏழு

என் அண்ணனுக்கு நான் போட்ட மார்க் எண்பத்திரெண்டு புள்ளி ஏழு. மூணு பேர்ல மூணாம் இடம். என் கையால டைப் அடிச்சு, என் கையால பிரிண்ட் எடுத்து, மேனேஜர் மேஜையில வெச்சேன். வெச்சப்போ எனக்குக் கொஞ்சம் பெருமையாகூட இருந்துச்சு. 

நான் ஒரு பம்பு கம்பெனியில கொள்முதல் பிரிவுல இருக்கேன். பதினாலு வருஷம் ஆச்சு. எனக்குக் கோபம் மூக்கு மேல இருக்கும்னு ஆபீஸ்ல பேச்சு. இருக்கட்டுமே. ரப்பர் வாஷர் வரலைன்னா அசெம்பிளி லைன் நின்னு போகும், நின்னா என்னைத்தான் கேப்பாங்க. அந்த நாற்காலியில உட்கார்ந்து பாருங்க, உங்களுக்கும் மூக்கு சிவக்கும்.

பம்புக்குள்ள தண்ணி கசியாம இருக்க ஒரு ரப்பர் வாஷர் போடுவோம். உள்ளங்கையில நாலு வைக்கலாம், அவ்வளவுதான் அளவு. அதை எங்களுக்கு மூணு பேர் சப்ளை பண்ணினாங்க. ஒண்ணு பெரிய கம்பெனி, விலையும் பெருசு, நாங்க மூணு தடவை போன் பண்ணினாத்தான் எடுப்பாங்க. ரெண்டாவது ஒரு புதுக் கம்பெனி, ஆறே வருஷம்தான் ஆச்சு, விலை சல்லிசு. மூணாவது எங்க அண்ணன். ரப்பரை அச்சுல வெச்சு அழுத்தற ரெண்டு பிரஸ், மூணு வேலையாள், அண்ணி. அவ்வளவுதான் அவனோட பட்டறை.

அண்ணன் எனக்காக உள்ளே வந்தவன் இல்லை. எல்லாரையும் மாதிரி சாம்பிள் குடுத்து, பாஸாகி வந்தான். வந்த அன்னைக்கே நான் மேனேஜர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன், இவர் எனக்குக் கூடப்பிறந்த அண்ணன்னு. மேனேஜர் நல்ல மனுஷன். "ஆர்டர்ல நான் கையெழுத்துப் போடறேன், நீங்க கணக்கை மட்டும் பாருங்க மேடம், கணக்கு பொய் சொல்லாது"ன்னார். சரி சார்னு வந்தேன். ஆனா ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கேன்டீன்ல நான் தட்டோட போனா ரெண்டு பேர் பேச்சை நிறுத்துவாங்க. "அண்ணன் தங்கச்சி கம்பெனி"ன்னு ஒருத்தன் எனக்குக் கேக்கிற மாதிரியே சொன்னான்.

அன்னைக்கே நேரா தர ஆய்வு அறைக்குப் போனேன். அங்கே இருக்கிறவருக்கு நாங்க வெச்ச பேர் கண்ணாடி. ரெண்டு கண்ணாடி வெச்சிருப்பார், ஒண்ணு மூக்குல, ஒண்ணு நெத்தியில. வர்ற சரக்குல அம்பது வாஷரை எடுத்து அளந்து பார்த்து, சரின்னா மொத்தப் பெட்டியையும் உள்ளே விடறதுதான் அவர் வேலை. அரை மணி நேர வேலை.

"எங்க அண்ணன் சரக்கு வந்தா அம்பது பார்க்காதீங்க. ஒண்ணு விடாம எல்லாத்தையும் பாருங்க"ன்னேன்.

"எல்லாத்தையுமா? ஒரு லாட்டுக்கு நாலாயிரம் இருக்குமே தாயி."

"இருக்கட்டும். நாளைக்கு எவனும் என் அண்ணன் சரக்கை நான் சும்மா விட்டேன்னு சொல்லக் கூடாது."

அவர் நெத்திக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி என்னைப் பார்த்தார். "உங்க அண்ணன் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினாரு?"ன்னு சிரிச்சார். நானும் சிரிச்சேன். அவர் சொன்னதைச் சொன்னபடி செய்யறவர். ஒரு வருஷம் முழுக்க எங்க அண்ணன் வாஷரை ஒண்ணொண்ணா அளந்தார்.

வருஷக் கடைசியில சப்ளையர் மதிப்பீடு. தரத்துக்கு நாப்பது, டெலிவரிக்கு முப்பத்தஞ்சு, விலைக்கு இருபத்தஞ்சு, மொத்தம் நூறு. முன்னே டெலிவரிக்கு இருபத்தஞ்சுதான் இருந்துச்சு. லைன் ஒரு தடவை நின்னதுக்கு அப்புறம் மீட்டிங்ல மேஜையைத் தட்டி முப்பத்தஞ்சு கேட்டு வாங்கினதே நான்தான். நூறு வாஷர்ல எத்தனை பாஸோ அது தர மார்க். இருபது தடவை சரக்கு வந்தா அதுல எத்தனை தடவை கெடு தேதிக்குள்ள வந்துச்சோ அது டெலிவரி மார்க். யார் விலை குறைச்சலோ அவங்களுக்கு விலையில நூறு, மத்தவங்களுக்கு அதை வெச்சு விகிதம்.  மூணாம் இடம் எண்பத்தஞ்சுக்குக் கீழே போனா ஆள் வெளியே, அப்போ முதல் இடத்துக்கு அறுபது சதவீத ஆர்டர், ரெண்டாம் இடத்துக்கு நாப்பது.

பெரிய கம்பெனிக்குத் தரத்துல தொண்ணூத்தாறு, டெலிவரி இருபதுக்குப் பத்தொன்பது, விலையில எழுபத்தஞ்சு. அந்த நாப்பது, முப்பத்தஞ்சு, இருபத்தஞ்சுக்கு மாத்திக் கூட்டினா தொண்ணூறு புள்ளி நாலு. புதுக் கம்பெனிக்குத் தரம் தொண்ணூறுதான், டெலிவரி இருபதுக்குப் பதினேழு, ஆனா விலையில நூத்துக்கு நூறு. அது தொண்ணூறு புள்ளி ஏழு அஞ்சு. மயிரிழையில முதல் இடம். எங்க அண்ணனுக்குத் தரம் தொண்ணூத்தெட்டு, மூணு பேர்லயும் அதான் ஒசத்தி. விலையில தொண்ணூறு. டெலிவரி மட்டும் இருபதுக்குப் பன்னிரெண்டு. எட்டு தடவை லேட்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. தங்கச்சி இருக்கான்னு மெத்தனம் பார்த்தியான்னு நினைச்சேன். ரெண்டு தடவைன்னா பிரஸ் ரிப்பேர்னு அவனே போன் பண்ணிச் சொன்னது ஞாபகம் இருக்கு. எட்டா? ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்த எட்டையும் திறந்து பார்க்கலாமான்னு தோணுச்சு. மத்தவங்களுதைத் திறந்து பார்த்தியா, இவனுதை மட்டும் ஏன்னு என் மனசே கேட்டுச்சு. திறக்கலை.

மேனேஜர் படிச்சுட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "மேடம், உங்க அண்ணன்..."

"கணக்கு பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க"ன்னேன்.

கையெழுத்துப் போட்டார். கடிதம் போச்சு.

நாலாம் நாள் சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்தான். கையில ஒரு ஃபைல். சட்டையில ரப்பர் வெந்த வாசனை, அது எத்தனை துவைச்சாலும் போகாது. எப்பவும் வாசல்ல இருந்தே "ஆபீசரம்மா இருக்காங்களா?"ன்னு கத்திக்கிட்டுத்தான் வருவான். அன்னைக்குக் கத்தலை. செருப்பைக் கழட்டி ஓரமா ஜோடி சேர்த்து வெச்சான். அதைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சலா வந்துச்சு. ஏதோ அந்நிய ஆள் வீட்டுக்கு வந்த மாதிரி என்ன இது?

டீ குடுத்தேன். குடிச்சு முடிச்சான். அப்புறம் ஃபைலை முழங்கால் மேல வெச்சுக்கிட்டு, "எட்டு தடவை லேட்டுன்னு போட்டிருக்கு பாப்பா. ரெண்டு தடவை நிஜம், ஒத்துக்கறேன். மத்ததெல்லாம் கெடுவுக்கு முந்தின நாளே கொண்டாந்து இறக்கிட்டேனே"ன்னான்.

"எல்லா சப்ளையரும் இதைத்தான் சொல்றாங்கண்ணா."

"என்கிட்ட சலான் இருக்கு. உங்க கேட்ல தேதி முத்திரை குத்திக் குடுத்தது. இருபதும் இருக்கு. ஒரு தடவை பாரேன்."

ஃபைலை நீட்டினான். நான் வாங்கலை. கையைக் கட்டிக்கிட்டேன்.

"உனக்காக நான் இதைத் திறந்தா ஆபீஸ்ல என்னை என்ன சொல்வாங்க தெரியுமா? பதினாலு வருஷம் ஒரு சொல்லு வாங்காம இருந்திருக்கேன். சிஸ்டம்ல இருக்கிற தேதிதான் தேதி."

"சரி, நீ பார்க்க வேணாம். கடிதத்துல போட்டிருக்கே, ஆட்சேபணை இருந்தா பதினஞ்சு நாளைக்குள்ள எழுதலாம்னு. நான் மேனேஜருக்கு எழுதறேன். சலான் நகலை வெச்சு."

அப்போ நான் சொன்னதை ஒரு வார்த்தை மாத்தாம சொல்றேன். சொல்லித்தான் ஆகணும். "எழுதாதே. நீ எழுதினா நான்தான் எழுதச் சொன்னேன்னு நினைப்பாங்க. என் மானம் போயிடும். உனக்குத் தொழில் தெரிஞ்சா நேரத்துக்குக் குடுத்திருப்பே. குடுக்கத் துப்பில்லாம தங்கச்சி வீட்டுல வந்து ஃபைலைத் தூக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கே."

துப்பில்லாம. அந்த வார்த்தையைச் சொன்னேன். அவனைப் பார்த்து.

 ஃபைலோட நாடாவைக் கட்டினான், ஒரு முடிச்சு, மேல இன்னொரு முடிச்சு. எழுந்தப்போ, "உன் மானத்தைவிடவா வாஷர் பெருசு?"ன்னு சிரிச்ச மாதிரி சொன்னான். செருப்பைப் போட்டுக்கிட்டுப் போனான்.

பதினஞ்சு நாள் போச்சு. ஆட்சேபணை வரலை. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. உண்மையாவே லேட்டாத்தான் குடுத்திருக்கான், அதான் எழுதலைன்னு என்னை நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். அவன் வியாபாரத்துல முக்கால்வாசி எங்க ஆர்டர்தான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒரு போன் பண்ணலை. அவன் கோபம் தணியட்டும்னு இருந்தேன். கோபமே படாதவனுக்குக் கோபம் தணியட்டும்னு நாலு மாசம் காத்திருந்தவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

அப்புறம்தான் தணிக்கைக்கு ஒரு அம்மா வந்தாங்க. எங்க பம்பை வாங்கிற பெரிய இடத்துல இருந்து வந்தவங்க. மெதுவாப் பேசுவாங்க, பென்சில்லதான் எழுதுவாங்க. சப்ளையர் அறிக்கையைப் பார்த்துட்டு, "இந்த மூணாவது ஆளை ஏன் நீக்கினீங்க? லேட்டான ஒரு லாட்டை எடுத்து ஆதாரத்தோட காட்டுங்க"ன்னாங்க.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு வீறாப்பு. "அது என் சொந்த அண்ணன் கம்பெனி மேடம், நாங்க பாரபட்சம் பார்க்கிறதில்லை"ன்னு சொல்லிக்கிட்டே ஒரு லாட்டை நானே எடுத்துக் காட்டினேன். கெடு தேதி பத்து. சிஸ்டம்ல ரசீது தேதி பதிமூணு. "மூணு நாள் லேட்"னேன்.

"கேட் பதிவேடு?"ன்னாங்க.

கேட்ல இருந்து அந்த நீளமான நோட்டைக் கொண்டு வரச் சொன்னேன். அவங்க பென்சில் நுனியால வரிசையா இறக்கிக்கிட்டே வந்து ஒரு இடத்துல நிறுத்தினாங்க. அண்ணன் வேன் நம்பர். வாஷர், நாலாயிரம், எட்டுப் பெட்டி. தேதி ஒம்போது.

"ஒம்போதாம் தேதி சரக்கு உங்க வளாகத்துக்குள்ள இருக்கே. நாலு நாள் எங்கே இருந்துச்சு?"

ஸ்டோர்ஸ்காரரைக் கூப்பிட்டேன். அவர் ரொம்ப சாதாரணமா சொன்னார். "ஆய்வு முடிஞ்சு பாஸ் ஆனதும்தான் மேடம் ரசீது போடுவோம். மத்தவங்களுது அன்னைக்கே முடிஞ்சுடும். உங்க அண்ணனுது முழுசா பார்க்கணுமே, அதுக்கு மூணு நாள், நாலு நாள் ஆகும். நீங்கதானே சொன்னீங்க."

நீங்கதானே சொன்னீங்க.

அதுக்கப்புறம் அந்த அம்மா என்ன கேட்டாங்க, நான் என்ன பதில் சொன்னேன், எதுவும் ஞாபகம் இல்லை. அவங்க போனதும் கேட் நோட்டை மடியில வெச்சுக்கிட்டு இருபது லாட்டையும் பார்த்தேன். பன்னிரெண்டு தடவை அவன் அஞ்சு நாள் முன்னாடியே கொண்டு வந்திருக்கான், அதனால தப்பிச்சிருக்கு. ஆறு தடவை முந்தின நாள் கொண்டு வந்திருக்கான், அந்த ஆறும் ஆய்வு அறை மேஜையிலேயே கெடு தாண்டியிருக்கு. ரெண்டுதான் நிஜமான லேட். அவன் சொன்ன அதே ரெண்டு.

இருபதுக்குப் பதினெட்டு. டெலிவரிக்கு முப்பத்தொண்ணு புள்ளி அஞ்சு. தரத்துக்கு முப்பத்தொன்பது புள்ளி ரெண்டு, விலைக்கு இருபத்திரெண்டு புள்ளி அஞ்சு. கூட்டினேன். தொண்ணூத்துமூணு புள்ளி ரெண்டு. முதல் இடம். ரெண்டாம் ஆளுக்கும் அவனுக்கும் ரெண்டரை மார்க் வித்தியாசம். அந்தத் தொண்ணூத்தெட்டுகூட ஒண்ணு விடாம அளந்து வந்த தொண்ணூத்தெட்டு, மத்தவங்களுது அம்பதைப் பார்த்து வந்தது. நான் மேஜையில தலையை வெச்சுட்டேன். சிஸ்டம்ல இருக்கிற தேதிதான் தேதின்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொன்னேனே!

மேனேஜர்கிட்ட ஓடினேன். அவர் ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தார்.  "அறிக்கையைத் திருத்திடலாம். கேட் தேதியைத்தான் இனிமே எடுக்கணும்னு சுற்றறிக்கை போடறேன். ஆனா வருஷ ஆர்டர் ரெண்டு பேருக்கும் குடுத்தாச்சு மேடம், பாதியில பிடுங்க முடியாது. அடுத்த வருஷம் அவரைக் கூப்பிடுவோம்"னார். அப்புறம், "அவர் ஒரு வரி ஆட்சேபணை எழுதியிருந்தா அன்னைக்கே பார்த்திருப்பேனே, ஏன் எழுதலை?"ன்னார். 

திருத்தின அறிக்கையை எடுத்துக்கிட்டு நேரா பட்டறைக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்துச்சு. குனிஞ்சு உள்ளே போனா பிரஸ் ரெண்டும் இல்லை. தரையில அது நின்ன இடம் மட்டும் சதுரமா வெளுப்பா இருந்துச்சு, நாலு மூலையிலயும் போல்ட் ஓட்டை. அண்ணி ஒரு மூலையில பழைய பெட்டிகளைக் கட்டிக்கிட்டு இருந்தாங்க. வாஷர் ஓரத்துல நீட்டிக்கிட்டு இருக்கிற பிசிறை நறுக்கி நறுக்கி அவங்க கட்டைவிரல்ல கத்தரிக்கோல் தழும்பு ஒண்ணு உண்டு.

"வா"ன்னாங்க. அவ்வளவுதான். உட்காருன்னு சொல்லலை.

"பிரஸ் எங்கே அண்ணி?"

"வித்தாச்சு. ஆர்டர் இல்லாம பிரஸ்ஸை வெச்சுக்கிட்டு என்ன பண்றது, தாலாட்டவா முடியும்?"

தாளை நீட்டினேன். விவரம் சொன்னேன்.  அண்ணி தாளைக் கையால தொடலை. "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்"னு சொல்லிட்டுக் கயித்தை இறுக்கினாங்க. "உங்க அண்ணன் ஷிப்ட் முடிஞ்சு அஞ்சு மணிக்கு வருவார். அவர்கிட்டயே குடு."

ஷிப்டா? எங்கேன்னு கேட்டேன். சொன்னாங்க. அந்தப் புதுக் கம்பெனியில. பிரஸ் ஆபரேட்டரா. எங்க கம்பெனிக்கு வாஷர் செய்யற லைன்ல.

ஷட்டருக்கு வெளியே படியில உட்கார்ந்திருந்தேன். அஞ்சு மணிக்கு அண்ணன் சைக்கிள்ல வந்தான். நீலச் சட்டை, பையில புதுக் கம்பெனி அடையாள அட்டை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துச்சு, அதைத்தான் என்னால தாங்க முடியலை. "அடடே, ஆபீசரம்மா!"ன்னான்.

நான் அழுதுக்கிட்டே தாளைக் குடுத்தேன். கையைக் கால்சட்டையில துடைச்சுக்கிட்டு வாங்கினான். எட்டத்துல பிடிச்சுப் படிச்சான். அவனுக்கும் கண்ணாடி தேவைப்படற வயசு வந்துடுச்சுன்னு அப்பத்தான் பார்த்தேன்.

"முதல் இடமா?"ன்னான். "பாரேன். தொண்ணூத்துமூணு."

"அண்ணா, எல்லாம் என்னாலதான். உன் சரக்கை முழுசா பார்க்கச் சொன்னதே நான்தான். அதனாலதான் லேட் ஆச்சு."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"கண்ணாடி சொன்னாரே. கடிதம் வந்த மறுநாள் சலான் தேதியைச் சரிபார்க்க உங்க கேட்டுக்கு வந்தேன், அப்போ சொன்னார். அதைச் சொல்லத்தான் பாப்பா உன் வீட்டுக்கு வந்தேன்."

"அப்போ ஏண்ணா சொல்லலை? நான் கத்தினாலும் சொல்லியிருக்கலாம்ல? எழுதியிருக்கலாம்ல?"

தாளை நாலா மடிச்சான். "எழுதினா யாரு லேட் பண்ணினதுன்னு கேப்பாங்க. உன் பேரைத்தானே எழுதணும்? நீதான் எழுதாதேன்னியே."

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருந்தாக்கூட வாங்கிக்கிட்டிருப்பேன். மடிச்ச தாளைச் சட்டைப் பையில, அந்த அடையாள அட்டைக்குப் பின்னாடி வெச்சுக்கிட்டான். "உங்க அண்ணிகிட்ட காட்டறேன். மூணாம் இடம் மூணாம் இடம்னு நாலு மாசமா கரிச்சுக் கொட்டிக்கிட்டிருக்கா"ன்னான். அடுத்த வருஷம் கூப்பிடுவாங்கன்னு சொன்னேன். "எதை வெச்சு?"ன்னு கேட்டான், கோபமா இல்லை, நிஜமாவே கேட்டான். உள்ளே அந்த வெளுத்த சதுரம் ரெண்டும் தெரிஞ்சுது. 

போன வாரம் ஆறு மாச மறுபார்வை. இப்போ கேட் தேதியைத்தான் எடுக்கிறோம். புதுக் கம்பெனிதான் முதல் இடம், கிட்டத்துல யாரும் இல்லை. டெலிவரி ஒண்ணுகூட லேட் இல்லை. கண்ணாடி தர அறிக்கையைக் கொண்டு வந்து மேஜையில வெச்சுட்டு, என்னைப் பார்க்காம நின்னார். "வாஷர் திடீர்னு நல்லா வருது தாயி. ஓரத்துல ஒரு பிசிறு இல்லை"ன்னார்.

தரம் தொண்ணூத்தெட்டு. போன வருஷம் தொண்ணூறு இருந்த கம்பெனி. நாப்பதுக்கு மாத்தினேன். முப்பத்தொன்பது புள்ளி ரெண்டு. அது யார் கை மார்க்குன்னு எனக்குத் தெரியும். அந்த அறிக்கையில சப்ளையர் பேர் எழுத ஒரு கட்டம் இருக்கு. அதுல அந்தக் கம்பெனி பேரை டைப் பண்ணினேன்.